யாருக்காக இந்த வரி

“எதுக்கெடுத்தாலும் விளக்கம் சொல்லியே என் ஆயுசு முடிஞ்சிடும் போலிருக்கு!”

குளிக்கப் போகும்போதும் சொல்வாள், குளித்துவிட்டு வரும்போதும் சொல்வாள். பேருந்து தாமதமாக வந்தால் மேலாளருக்கு விளக்கம், சாம்பாரில் உப்பு குறைந்தால் அப்பாவுக்கு விளக்கம், கல்யாணத்துக்கு வராததற்குப் பெரியப்பாவுக்கு விளக்கம். தண்ணீர் இறைக்கும் பம்புகள் செய்கிற கம்பெனியில் பொறியாளர் வேலை. பழுதாகித் திரும்பி வருகிற ஒவ்வொரு பம்புக்கும் அறிக்கை எழுதுவது அவள் தலையில்தான் விழும். என்ன கோளாறு, ஏன் வந்தது, இனி வராமலிருக்க என்ன செய்யப்போகிறோம் என்று மூன்று தலைப்பு. கடைசியில், தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். அவள் அளவுக்கு யாரும் எழுத மாட்டார்கள். அதனால் கம்பெனி முழுக்க அவள் பெயர் ரிப்போர்ட்டக்கா. வாசலில் நிற்கும் காவலாளிகூட, “ரிப்போர்ட்டக்கா வந்தாச்சு, இனி யாரும் தப்பிக்க முடியாது” என்பார்.

அந்த ரிப்போர்ட்டக்காதான் வேலையை விட்டாள். ஆசிரியப் பயிற்சியை வார இறுதி வகுப்புகளில் முடித்துவிட்டு, வீட்டிலிருந்து இரண்டு நிறுத்தம் தள்ளியிருந்த பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கச் சேர்ந்தாள். அதை நான்கு பேருக்குத் தெரியப்படுத்த வேண்டுமே என்று, வேலை பார்க்கிறவர்கள் எல்லாரும் கூடுகிற இணையதளத்தில் ஒரு பதிவு போட்டாள். வினை அங்கேதான் தொடங்கியது.

சனிக்கிழமை காலையில் பல் தேய்த்துக்கொண்டே போனைத் திறந்தாள். பதிவுக்குக் கீழே வரிசையாக ஆறுதல்.

“தைரியமா இருங்க மேடம், எல்லாம் சரியாகும்.”

“இதுவும் கடந்து போகும்.”

“எங்க கம்பெனியில ஒரு இடம் இருக்கு, உங்க விவரத்த அனுப்புங்க. சம்பளத்துல கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்.”

வாயில் நுரையோடு அப்படியே நின்றாள். யாரோ செத்துப்போன மாதிரி அல்லவா இருக்கிறது இது?

வாய் கொப்பளிப்பதற்குள் போன் அடித்தது. பள்ளித் தலைமையாசிரியை. சுற்றி வளைக்காத அம்மாள்.

“டீச்சர், உங்க பதிவ ஒரு பெற்றோர் எனக்கு அனுப்பியிருக்கார். வேற வழியில்லாம வர்றவங்கள எங்க பிள்ளைங்க தலையில கட்டுறீங்களான்னு கேக்கறார். நானும் படிச்சேன். உண்மையச் சொன்னா எனக்கும் அப்படித்தான் தோணுச்சு.”

“அய்யோ, அப்படியெல்லாம் இல்லம்மா, அது வந்து—”

“எனக்கு விளக்கம் வேணாம். சாயங்காலம் பெற்றோர் கூட்டம் இருக்கு. அதுக்குள்ள நீங்க எதுக்கு வர்றீங்கன்னு அவங்க படிச்சாப் புரியற மாதிரி ஒண்ணு இருக்கணும். இல்லேன்னா இந்த வருஷம் லேப் மட்டும் பாத்துக்கோங்க. வகுப்ப அடுத்த வருஷம் யோசிப்போம்.”

லேப் மட்டும் என்றால் குடுவை கழுவுவது, எடைக்கற்களை அலமாரியில் அடுக்குவது. பிள்ளைகளோடு பேசுவது வேறு யாரோ. அந்த ஒரு வகுப்புக்காக விட்டுவந்த எல்லாமும் அவள் கண் முன்னால் வந்து நின்றன. நாற்காலியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

தங்கை வந்தாள். துணிக்கடை விளம்பரங்களுக்கு வாசகம் எழுதுகிறவள். யார் குரலையும் ஒரு தடவை கேட்டால் போதும், அவர்களே வந்து நின்ற மாதிரி பேசுவாள். வீட்டில் அவளை வைத்துக்கொண்டு யாரைப் பற்றியும் எதுவும் சொல்ல முடியாது.

“குடு, பாக்கறேன்” என்று போனை வாங்கிப் படித்தாள்.

‘அனைவருக்கும் வணக்கம். கனத்த மனதுடன் இதை எழுதுகிறேன். கடந்த சில காலமாக என் உடல்நிலை, குடும்பச் சூழல் ஆகியவற்றைக் கருத்தில் கொண்டு, பொறியியல் துறையிலிருந்து தற்காலிகமாக விலகி இருக்கிறேன். எனக்கு வாய்ப்பளித்த நிறுவனத்துக்கு என்றும் கடமைப்பட்டவள். என்னால் முழுமையாகப் பங்களிக்க இயலாமல் போனதற்கு வருந்துகிறேன். தற்போதைக்கு ஒரு பள்ளியில் சிறிய பொறுப்பை ஏற்க உள்ளேன். இந்த முடிவைப் புரிந்துகொள்வீர்கள் என நம்புகிறேன்.’

தங்கை போனை மேசைமேல் வைத்தாள்.

“அக்கா, இது பழுதான பம்புக்கு எழுதற ரிப்போர்ட். கோளாறு, காரணம், வருத்தம் எல்லாம் அதே வரிசையில இருக்கு. பம்புதான் நீ.”

“கிண்டல் பண்ணாதடி. ஏற்கனவே தலை வலிக்குது.”

“சரி, கிண்டல் இல்ல. ஒண்ணு மட்டும் சொல்லு. உடல்நிலைன்னு போட்டிருக்கியே, உனக்கு என்ன உடம்புக்கு?”

“ஒண்ணுமில்ல.”

“அப்புறம்?”

ரிப்போர்ட்டக்கா நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். “பெரியப்பா கேப்பார். உடம்பு சரியில்லன்னா விட்டுடுவார்.”

உடனே தங்கை நாற்காலியில் சாய்ந்து, வயிற்றின் மேல் கை வைத்து, தொண்டையைச் செருமினாள். “ஏம்மா, கண்ணு, நல்லாத்தானே இருந்த? இஞ்சினியருக்குப் படிச்சிட்டு வாத்தியார் வேலையா? ஜாதகத்த எடுத்துட்டு வா, பாத்துடுவோம்.”

அசல் பெரியப்பா. கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா, “அண்ணன் வந்திருக்காரா?” என்று எட்டிப் பார்த்தார்.

“ஆக, இந்த வரி பெரியப்பாவுக்கு” என்றாள் தங்கை, தன் குரலுக்குத் திரும்பி. “என்றும் கடமைப்பட்டவள், முழுமையா பங்களிக்க முடியல, இதெல்லாம்?”

“மேலாளர் படிப்பார்ல.”

தங்கை உதட்டைப் பிதுக்கி, பேனாவைக் காதில் செருகிக்கொண்டாள். “பாருங்க, நீங்க போறதுல எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல, ஆனா அந்த ஏழாம் நம்பர் பம்பு ரிப்போர்ட் மட்டும் முடிச்சுக் குடுத்துட்டுப் போங்க.”

ரிப்போர்ட்டக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. களைத்த சிரிப்பு, மூக்கோடு நின்றுபோனது.

“இந்த ‘தற்காலிகமாக’ யாருக்கு?”

ரிப்போர்ட்டக்கா கூடத்தின் பக்கம் பார்த்தாள். ‘என் பொண்ணு இஞ்சினியர்’ என்று மருந்துக்கடையில் அறிமுகமில்லாதவரிடம்கூடச் சொல்கிற மனுஷர் அங்கே பேப்பர் பக்கத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். தங்கை இந்த முறை யார் குரலிலும் பேசவில்லை.

“எல்லா வரிக்கும் ஒரு ஆள் இருக்கான் அக்கா. நீ எங்கயும் இல்ல. இப்ப ஒவ்வொருத்தரா வெளிய அனுப்புவோம்.”

அழிக்க ஆரம்பித்தார்கள். கனத்த மனது போனது. உடல்நிலை போனது. ‘தற்போதைக்கு’ என்பதும் போனது. சிறிய பொறுப்பு போகும்போது ரிப்போர்ட்டக்கா, “அது அடக்கம்டி” என்றாள். “அடக்கமா? அந்தப் பெற்றோர் அத எப்படிப் படிப்பார் தெரியுமா, சின்ன வேலைன்னு நினைக்கறவகிட்ட என் பிள்ளையான்னு” என்றாள் தங்கை. அதுவும் போனது. கடைசியில் திரையில் மிஞ்சியது ‘அனைவருக்கும் வணக்கம்’.

“இப்ப சொல்லு. ஏன் விட்ட?”

“அலுப்பா இருந்துச்சு.”

“அலுப்புன்னா லீவு போட்டிருப்ப. ஏன் ஸ்கூலுக்குப் போற?”

ரிப்போர்ட்டக்கா, தங்கையிடம் சொல்கிற மாதிரியே இல்லாமல், சன்னலைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தாள். ஒரு நாள் கம்பெனிப் பட்டறையில் புதிதாகச் சேர்ந்த ஆட்கள் ஒரு பம்பைச் சுற்றி நின்றார்கள். உள்ளே ஜல்லி போட்டுக் குலுக்குகிற மாதிரி சத்தம். கல் மாட்டிக்கொண்டது என்று கழற்றிப் பார்த்தால் கல்லே இல்லை. அவள் ஒரு சாக்பீஸை எடுத்துத் தரையில் படம் போட்டாள். உறிஞ்சுகிற பக்கம் அழுத்தம் ரொம்பக் குறைந்தால் தண்ணீர் சூடாகாமலே கொதிக்கும், குமிழி வரும், அந்தக் குமிழிகள் அழுத்தம் கூடின இடத்துக்குப் போய் உடையும், உடைகிற சத்தம்தான் ஜல்லி, அதுதான் இரும்பையும் தின்கிறது. “சூடாகாம கொதிக்குமா?” என்று ஒருத்தன் கேட்டான். கேட்டுவிட்டு, அவனே உட்கார்ந்து படத்தைத் திரும்ப ஒரு தடவை போட்டான்.

“அவன் மூஞ்சியப் பாக்கணுமே நீ! அன்னிக்கி சாயங்காலம் மேலாளர் கூப்பிட்டு, சொல்லிக் குடுக்கற நேரத்த வேலைக் கணக்குல எழுதக்கூடாதுன்னுட்டார். அவர் மேல தப்பில்ல, அங்க அது வேலையே இல்ல. ஆனா எனக்கு அன்னிக்கி நாள் பூரா அது ஒண்ணுதான் பிடிச்சிருந்துச்சு.”

“இதுதானே. இத எழுது.”

“மேலாளர் சொன்னதையுமா?”

“அது வேணாம். பழைய வீட்டத் திட்டினா புது வீட்டுக்காரன் பயப்படுவான். அங்க ஓரமா இருந்துச்சு, இங்க அதான் வேலை. அவ்வளவு போதும். முடிவ முதல் வரியில வை. ‘மேலும் படிக்க’ அமுக்கறவங்க ரொம்பக் கம்மி.”

அடித்து, திருத்தி, சண்டை போட்டு, மதியச் சாப்பாடு ஆறிப்போய், இப்படி வந்தது:

‘இந்த மாதம் முதல் ஒன்பதாம் வகுப்புக்கு இயற்பியல் ஆசிரியையாக இருக்கப்போகிறேன். பம்ப் கம்பெனியில் பார்த்த பொறியாளர் வேலையை நானாகவே விட்டேன். அந்த வேலை எனக்கு நன்றாக வந்தது. அதில் எனக்கு மிகப் பிடித்தது, ஒரு பம்ப் ஏன் அப்படிச் சத்தம் போடுகிறது என்று புதிதாக வந்தவர்களுக்குப் புரியவைப்பது. அங்கே அது ஓரமாகக் கிடைத்த நேரம். பள்ளியில் நாள் முழுக்க அதுதான் வேலை. அதற்கான பயிற்சியை முடித்திருக்கிறேன். சம்பளம் குறையும் என்று தெரிந்தேதான் போகிறேன். உங்களிடம் ஓடாத பழைய பம்போ வால்வோ இருந்தால் தூக்கிப் போடாதீர்கள், என் வகுப்புக்குக் கொடுங்கள்.’

“‘மன்னிக்கவும்’ ஒரு இடத்துலயும் இல்ல. கொஞ்சம் திமிரா இருக்கோ?” என்றாள் ரிப்போர்ட்டக்கா.

“இல்ல, முதுகு நேரா இருக்கு.”

புதிதாகப் போடுவதா, பழையதையே திருத்துவதா என்று ஒரு தகராறு. அந்தப் பெற்றோர் அனுப்பியது பழைய பதிவின் இணைப்பு. அதைத் திறக்கிறவர்கள் புதியதைப் படிக்க வேண்டும் என்றால் அங்கேயே திருத்துவதுதான் வழி. திருத்தினாள். கீழே ‘தைரியமா இருங்க மேடம்’ அப்படியே நின்றது, கல்யாண வீட்டுக்குத் தப்பான மாலையோடு வந்தவர் மாதிரி. திருத்தியது யாருக்கும் தானாகத் தெரியாது என்பதால், தலைமையாசிரியைக்கு இணைப்பைத் தானே அனுப்பினாள். பிறகு போனைக் கொண்டுபோய் அப்பாவிடம் நீட்டினாள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

“தற்காலிகம்னு சொன்னியே.”

“இல்லப்பா.”

“ம்.” பேப்பரை எடுத்தார். சற்றுப் பொறுத்து, “மொட்டை மாடியில ஒரு பழைய பம்பு கிடக்கு. எடுத்துட்டுப் போ” என்றார்.

சாயங்காலக் கூட்டத்தில் தலைமையாசிரியை பதிவைச் சத்தமாகப் படித்தார், மூச்சு விடாமல், அறிவிப்புப் பலகை வாசிக்கிற மாதிரி. படித்து முடித்ததும் போனை மேசையில் கவிழ்த்துவைத்து, “ஒன்பதாம் வகுப்பு இவங்களுக்குத்தான். அடுத்து, கழிப்பறைக் குழாய் விஷயம்” என்று போய்விட்டார். ரிப்போர்ட்டக்காவுக்கு மகிழ்ச்சியைக் காட்டக்கூடத் தெம்பில்லை. பின் வரிசையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

கூட்டம் கலைந்து கேட்டருகே வரும்போது ஒருவர் வழியை மறித்தார். பதிவை அனுப்பியவர் அவர்தான். மகன் ஒன்பதாம் வகுப்பு.

“தப்பா எடுத்துக்காதீங்க மேடம். எழுதினதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா நீங்கல்லாம் பெரிய கம்பெனி ஆளுங்க. ஒரு வருஷம் பாத்துட்டு அலுத்துப்போய் அங்கயே ஓடிடுவீங்கல்ல? பாதியில விட்டா என் பையன் கதி?”

ரிப்போர்ட்டக்கா பையைத் தோள் மாற்றினாள். வாயைத் திறந்தபோது பயிற்சிப் படிப்பு, வார இறுதிகள், அப்பா, பட்டறை எல்லாம் நாக்கு நுனிவரை வந்தன. அத்தனையையும் விழுங்கிவிட்டுச் சொன்னாள்:

“ஓடினா அதுக்கும் ஒரு பதிவு போடறேன் சார், நீங்களே முதல்ல படிச்சிட்டு எல்லாருக்கும் அனுப்புங்க, இப்போதைக்கு உங்க பையன திங்கக்கிழமை ஒரு தண்ணி பாட்டிலும் உறிஞ்சுகுழலும் எடுத்துட்டு வரச் சொல்லுங்க, முதல் பாடமே அதுலதான்.”