கிழக்குப் பக்கத்து அறைகளுக்கு ஒரு சான்று

விருதுநகரில் மின்பணி ஒப்பந்தம் எடுத்துச் செய்கிறேன். வீடுகளுக்கு வயரிங், மில்களுக்கு பேனல் போர்டு, பட்டாசு ஆலைகளுக்கு இடிதாங்கி. லைசென்ஸ் என் பெயரில். கணவர் பஜாரில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறார். ஆலை வேலைக்குப் பொம்பளை வருவதா என்று ஆரம்பத்தில் கேட்டவர்கள் இப்போது கேட்பதில்லை. இந்தச் சம்பவம் நடந்தபோது எனக்கு அதெல்லாம் பழகிப்போயிருந்தது.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு ஆலை. முதலாளிக்கு அறுபது வயது இருக்கும். எல்லோரையும் போல நானும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். ஆலையில் பழைய இடிதாங்கிகள் துருப்பிடித்துப் போயிருந்தன. எல்லாவற்றையும் புதிதாகப் போட என்னிடம் கொடுத்தார். வேலையை இரண்டு கட்டமாகப் பிரித்து ஒர்க் ஆர்டர் எழுதினோம். முதலில் மேற்குப் பக்கம்: மருந்து கலக்கும் அறைகள், மருந்து செலுத்தும் அறைகள். அது முடிந்து, ஆலையின் போர்மேன் உடனிருக்க, மின்னலை மண்ணுக்குள் இறக்கும் எர்த்தைச் சோதனை செய்து, அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் முதல் கட்டப் பணம் ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். அதன் பிறகு கிழக்குப் பக்கம்: சரம் பின்னும் அறைகள், பேக்கிங், சரக்கு வைக்கும் கட்டடம். இரண்டும் முடிந்த பிறகு மீதிப் பணம், முழு ஆலைக்கும் சான்று.

தீபாவளி முடிந்து ஆலை மூடியிருந்த நாட்களில் தொடங்கினோம். திறந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான் உள்ளே விடுவார்கள். மருந்தையெல்லாம் அப்புறப்படுத்தி, அறையைக் கழுவிவிட்ட பிறகுதான் சுவரில் துளை போட முடியும். கேட்டிலேயே செல்போனை வாங்கி வைத்துவிடுவார்கள். தரை முழுக்கப் பாறை. எர்த் குழி தோண்டத் தோண்டக் கடப்பாரை முனைதான் மழுங்கியது. சோதித்துப் பார்த்தபோது மின்தடை அளவு ஏறி நின்றது. ஒப்பந்தத்தில் இல்லாத குழிகள் சிலவற்றைக் கூடுதலாகத் தோண்டி, களிமண் கலவை போட்டு நிரப்பி, தண்ணீர் ஊற்றி, மறுபடி அளந்தோம். எர்த் அளக்கும் மெகரின் முள், இருக்க வேண்டிய பத்து ஓமுக்குக் கீழே இறங்கியபோது பக்கத்தில் குந்தியிருந்த போர்மேன், "யக்கா, ஒரு வழியா இறங்கிட்டுல்ல" என்று சிரித்தார். அறிக்கையின் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார்.

அந்த வாரமே பில் கொடுத்தேன். அளவு விவரம், சோதனை அறிக்கை, வரைபடங்கள், வேலை முடிந்ததற்குப் போர்மேன் கையெழுத்திட்ட தாள் எல்லாம் சேர்த்து. முதல் கட்டத்துக்கு மட்டும் என்று மேலேயே தெளிவாக எழுதியிருந்தேன். கூடுதல் குழிகளைத் தனி வரியில் போட்டேன். அண்ணாச்சி வாங்கிப் பார்த்து, "நல்லாச் செஞ்சிருக்கம்மா, அடுத்த வாரம் கணக்குல ஏத்தி விட்டுருதேன்" என்றார்.

அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரம் வேறொரு ஊரில் ஒரு ஆலையில் விபத்து. ஆட்கள் இறந்தார்கள். வழக்கம்போல மாவட்டம் முழுக்க ஆய்வு தொடங்கியது. பாதி ஆலைகள் தாமாகவே மூடிக்கொண்டன. அண்ணாச்சியின் ஆலையும் மூடியது. போன் செய்தால், "ஆர்டர் எல்லாம் அப்படியே நிக்கிம்மா, வடக்கே ஏஜெண்ட்டுகிட்ட இருந்து ஒத்த ரூவா வரல" என்பார். அது பொய்யில்லை. பட்டாசுத் தொழிலில் பணம் எப்படிச் சுற்றி வருகிறது என்று எனக்கும் தெரியும்.

ஆனால் நான் கொடுக்க வேண்டியவை காத்திருக்கவில்லை. பில் போட்டாகிவிட்டால், பணம் கைக்கு வந்தாலும் வராவிட்டாலும் ஜிஎஸ்டி கட்டியே ஆக வேண்டும். கட்டினேன். செம்புப் பட்டை கொடுத்த மதுரைக் கடைக்காரர் தினமும் என் கணவருக்குப் போன் செய்தார். குழி தோண்டிய குழுவின் தலைவி, என் வயதுக்காரிதான், வீட்டுக்கே வந்து உட்கார்ந்துவிட்டாள். "எங்களுக்கு அண்ணாச்சியத் தெரியாது யக்கா, உங்களத்தான் தெரியும்" என்றாள். வளையலை அடகு வைத்து அவர்களுக்குக் கொடுத்து முடித்தேன். வளையலை விட எனக்கு உறுத்தியது, செய்து முடித்த வேலைக்குப் பணத்தைப் பிச்சை போலக் கேட்க வேண்டியிருந்ததுதான். போனை எடுக்கும்போதே என் குரல் தணிந்துபோவதை நானே கவனித்தேன்.

பங்குனி வெயிலில் ஒரு நாள் அண்ணாச்சியே கூப்பிட்டார். ஆலை அலுவலகத்துக்குப் போனேன். மோர் வரவழைத்துக் கொடுத்தார். முகம் வற்றியிருந்தது.

"ஆய்வுக்கு வாராகம்மா. இடிதாங்கிச் சான்று இல்லாம தொறக்க விட மாட்டாக."

"மேற்குப் பக்கத்துக்கு இப்பவே தாரேன் அண்ணாச்சி. சோதனை ரிப்போர்ட் உங்களுக்குக் குடுத்த பில்லோடயே இருக்கு."

"அது பத்தாது. முழுசுக்கும் ஒண்ணாக் குடுத்துரு. நீ கையெழுத்துப் போட்ட உடனே உன் பணத்த இங்கனயே ஏத்தி விடச் சொல்லுதேன். கூடுதல் குழிக்கும் சேத்தே."

நான் மோர் டம்ளரைக் கீழே வைத்தேன். "கிழக்குப் பக்கம் இன்னும் கம்பியே ஏறலயே அண்ணாச்சி."

"ஏறத்தான போகுது? ஆலை தொறந்தா பணம் வரும். பணம் வந்தா மறு மாசமே நீயே வந்து செய்யி. ஒரு மாசத்துல என்னம்மா ஆயிரப்போகுது?"

அவர் என்னை ஏமாற்றப் பார்த்தார் என்று இப்போதும் நான் நினைக்கவில்லை. மூச்சுமுட்டும் இடத்தில் நின்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தேன்.

வெளியே வரும்போது கிழக்குப் பக்கம் நடந்து போனேன். மூடிய ஆலைதான். ஆனாலும் சரம் பின்னும் அறைகள் இரண்டில் பெண்கள் இருந்தார்கள். மருந்து இல்லை, வெறும் காகித வேலை, குழாய் அடுக்குவது. வீட்டில் சும்மா இருந்தால் கூலி கிடையாது என்று வந்திருந்தார்கள். தென்மேற்கில் கருத்திருந்தது. ஒருத்தி வாசலில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள் என்னைக் கண்டதும், "எங்க பக்கம் எப்ப மேடம் கம்பி போடுவீக? இடி இடிச்சா இங்கன உக்காரவே பயமாருக்கு" என்றாள். சீக்கிரம் என்று சொன்னேன்.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். அவர், "ஒரு மாசந்தான? தேதியக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக் குடுக்க முடியாதா?" என்றார். அவர் கேட்டது தப்பு என்று சொல்லிவிடும் தைரியம் எனக்கு அன்று இல்லை. மதுரைக் கடைக்காரரின் குரலை நாள்தோறும் கேட்பவர் அவர்தான். "கிழக்குப் பக்கம் எர்த்தே இல்லாத எடத்துல நான் என்ன அளவு எழுதுறது?" என்று மட்டும் கேட்டேன். அவர் எழுந்து கடைக்குப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் கடிதம் எழுதினேன். முதல் கட்டம் முடிந்து சோதனையும் ஆகிவிட்டது, ஒப்பந்தப்படி தர வேண்டிய கெடு தாண்டிவிட்டது, பணத்தை விடுவிக்கக் கேட்டுக்கொள்கிறேன். வராத வரை இரண்டாம் கட்ட வேலையை நிறுத்தி வைக்கிறேன். கிழக்குப் பக்கத்து அறைகளில் இன்றைய தேதியில் இடிதாங்கி கிடையாது. மேற்குப் பக்கத்துச் சான்று இத்துடன் இருக்கிறது. ஆய்வுக்கு வருபவர்களிடம் மேற்கை மட்டும் திறக்கவும், கிழக்கை மூடி வைக்கவும் அனுமதி கேட்கலாம். எந்தெந்த அறை என்று வரைபடத்தில் நிறம் போட்டுக் காட்டினேன். மின்னஞ்சலிலும் அனுப்பி, பதிவுத் தபாலிலும் போட்டேன். தபால் நிலையத்தில் ரசீதை வாங்கும்போது, ஒரு நல்ல மனிதரைக் காட்டிக்கொடுப்பது போலத்தான் இருந்தது.

தபால் போய்ச் சேர்ந்த அன்றே போன் வந்தது.

"ஏம்மா, என்னய மாட்டி விடணும்னே எழுதுனியா?"

"இல்ல அண்ணாச்சி. என் பணத்தக் கேட்டு எழுதுனேன்."

"பணத்தக் கேக்குறதுக்குக் கிழக்கு மேற்கெல்லாம் எதுக்கு? இத எழுத்துல வச்சதுக்கப்புறம் நான் வேற யார்கிட்டயாவது சான்று வாங்க முடியுமா?"

அப்படியென்றால் வாங்கும் யோசனை இருந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. "மேற்க மட்டுமாவது தொறங்க அண்ணாச்சி. நானே கூட வந்து சொல்லுதேன்" என்றேன். "உன் சோலியப் பாரு" என்று வைத்துவிட்டார்.

ஆனால் நான் எழுதிய வழியைத்தான் கடைசியில் அவர் பிடித்தார். ஆய்வு வந்தபோது மேற்குப் பக்கத்துச் சான்றைக் காட்டினார், கிழக்கு அறைகளுக்குப் பூட்டுப் போட்டார் என்று போர்மேன் சொன்னார். பாதி ஆலை ஓடத் தொடங்கியது. கோடை மழையெல்லாம் ஓய்ந்த பிறகு ஒரு நாள் என் கணக்குக்குப் பணம் வந்தது. முதல் கட்டப் பணம், பிடித்தம் போக. கூடுதல் குழிகளுக்கான தொகை மட்டும் இல்லை. அதை நான் கேட்கவும் இல்லை. வளையலை மீட்டேன். கணவர் மதுரைக்குப் போன் செய்து பேசியபோது அவர் தோள் இறங்கியதைப் பார்த்தேன். தேதியைத் தள்ளிப் போடக் கேட்ட பேச்சைப் பற்றி நாங்கள் பிறகு பேசிக்கொள்ளவே இல்லை.

இரண்டாம் கட்ட வேலை எனக்கு வரவில்லை. அதற்காக வருத்தப்பட முடியாது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் ஆடியில் சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் போர்மேனைப் பார்த்தபோது கேட்காமல் இருக்க முடியவில்லை.

"கிழக்குப் பக்கம் முடிஞ்சிருச்சாண்ணே?"

"முடிஞ்சிருச்சு யக்கா. வெளியூர்க்காரக செஞ்சாக. பூட்டத் தொறந்து சரம் பின்ன ஆளு உக்காந்தாச்சு. சீசன் நேரமுல்ல?"

"எர்த் அளந்தாகளா? நீங்க கூட இருந்தீகளா?"

அவர் பையைக் கை மாற்றிக்கொண்டார். "என்னயக் கூப்பிடல. கம்பி மேல பளபளன்னு நிக்கி யக்கா. மண்ணுக்குள்ள என்னத்தப் போட்டாகன்னு நமக்கு என்ன தெரியும்?"

வீட்டுக்கு வந்து அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். எடுக்க மாட்டார் என்று நினைத்தேன். எடுத்தார். வேலையை வேறு ஆளிடம் கொடுத்ததைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மெகரை எடுத்துக்கொண்டு வந்து கிழக்குப் பக்கத்தை அளந்து பார்க்கிறேன், காசு எதுவும் வேண்டாம் என்றேன். போனில் அவருக்குப் பின்னால் லேபிள் அச்சடிக்கும் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது.

"சீசன் முடியட்டும்மா, பாப்போம்" என்றார்.

தீபாவளிக்கு இன்னும் நாள் இருக்கிறது. மெகரை பேட்டரி மாற்றி வைத்திருக்கிறேன். இந்த வாரமும் ஒருமுறை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. ஞாயிறு காலையில் அழைக்காமலே கேட்டுக்குப் போய் நின்றுவிடலாமா என்று கணவரிடம் கேட்டேன். "போ, நானும் வாரேன்" என்றார்.