பண்ணைக்காரி எங்கள் வீட்டுப் பேச்சுப் பேசினாள்

அந்த இங்கிலீஷ் புத்தகத்தை எங்கள் வீட்டுக்காரர் முதன்முதலில் சமையலறை மேசையில் வைத்தபோது மேசையே ஆடியது. அவ்வளவு கனம். நியூசிலாந்தின் தெற்குத் தீவில் ஆட்டுப் பண்ணை வைத்திருந்த ஒரு பெண்ணின் கதை என்றார். கல்யாணமாகி வருவதில் தொடங்கி, அவள் பேரப்பிள்ளைகள் பண்ணையை விற்பதுவரை போகிறதாம். சென்னையில் ஒரு பதிப்பகத்தார் அதைத் தமிழில் கேட்டிருந்தார்கள். அவர் ஊரில் இருந்தவரை பத்திரிகை ஆபீசில் இங்கிலீஷ் செய்திகளைத் தமிழாக்கும் வேலை பார்த்தவர். ஓய்வுபெற்றதும் மகனோடு இருக்க ஆக்லாந்து வந்தோம்.

"இவ்வளவு பெரிசை ஒரு ஆளு செஞ்சா நான் முடிக்கிறதுக்குள்ள பதிப்பகத்தாருக்கு உரிமை முடிஞ்சுபோகும்" என்று சொல்லி, கூட இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டார். ஒருவர் யாழ்ப்பாணத்துப் பெண், மனுகாவ் பக்கம் வீடு, ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு மொழிபெயர்த்துச் சொல்கிற வேலை. இன்னொருவர் மலேசியாக்காரத் தம்பி. எல்லர்ஸ்லியில் கம்ப்யூட்டர் வேலை. சனிக்கிழமை மதியம் த்ரீ கிங்ஸில் எங்கள் வீட்டில்தான் கூட்டம்.

நான் ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். வேற்று ஆள் முன்னால் எனக்குப் பேச்சு வராது. டீயை வைத்துவிட்டு அவரைக்காயை நறுக்கிக்கொண்டு ஓரமாக இருப்பேன். ஆனாலும் அந்த வேலை எப்படி நடந்தது என்று எனக்குத் தெரியும். எல்லாம் என் காதில்தான் நடந்தது.

முதலில் மூன்று பேரும் முழுப் புத்தகத்தையும் வாசித்தார்கள். அதற்குப் பிறகுதான் பிரிப்பது என்றார். பக்கத்தை எண்ணிப் பிரிக்கவில்லை. கதை எங்கே மூச்சு விடுகிறதோ அங்கே வெட்டினார். அவள் இளமைக்காலம் யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கு, நடுக்காலம் மலேசியாத் தம்பிக்கு, முதுமை தனக்கு. அதற்கும் முன்னால் ஒரே அத்தியாயத்தை மூன்று பேரும் தனித்தனியாக மொழிபெயர்த்து வந்து வாசித்தார்கள். கேட்க எனக்கே சிரிப்பாக இருந்தது. ஒரே பெண் மூன்று ஊர்க்காரியாகப் பேசினாள்.

"குசினின்னு போட்டிருக்கீங்களே" என்றார் இவர், யாழ்ப்பாணத்துப் பெண்ணிடம்.

"ஓம் சேர். சமைக்கிற இடம் எங்களுக்குக் குசினிதானே."

"உங்களுக்குச் சரிம்மா. இந்தப் பண்ணைக்காரி முதல் பாகத்துல குசினியில நின்னுட்டு, அடுத்த பாகத்துல சமையலறைக்குப் போனா, வீடு மாத்திட்டாளான்னு கேப்பாங்க."

"எங்கட சனமும் இதை வாசிக்குமெல்லோ?"

"வாசிக்கட்டும். எல்லாச் சனமும் வாசிக்கிற மாதிரி ஒரே குரல் வேணும். யாரு வீட்டுப் பேச்சும் உள்ள வரக்கூடாது. என் வீட்டுப் பேச்சும்தான்."

அவள் பேனாவை மூடிவிட்டுச் சிரித்தாள். "சரி சேர், குசினியைப் பூட்டிப்போட்டன். இனி ஒருத்தருக்கும் சாப்பாடில்லை." மலேசியாத் தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். ஆனால் அவள் முகத்தில் சிரிப்பு சீக்கிரம் அடங்கிவிட்டது. அன்று 'கதைத்தாள்' எல்லாம் 'பேசினாள்' ஆனது. 'விறாந்தை' போய் 'தாழ்வாரம்' வந்தது. தம்பியிடமிருந்தும் நிறையப் போயின.

பிறகு சொற்களுக்கு ஒரு பட்டியல் போட்டார்கள். மூன்று பேர் கம்ப்யூட்டரிலும் தெரிகிற மாதிரி. ஆட்டு ரோமம் கத்தரிக்கிற இடம் 'கம்பளிக் கொட்டகை'. ஆடுகள் மேய்கிற வேலி போட்ட இடத்துக்கு ஒரு சனிக்கிழமை முழுக்கச் சண்டை. 'மேய்ச்சல் வயல்' என்றான் தம்பி. "வயல்ல ஆடு மேய்ஞ்சா எங்க ஊர்ல உதைதான்" என்றார் இவர். கடைசியில் 'மேய்ச்சல் நிலம்'. நாய்களுக்குச் சீட்டியடிப்பதை எப்படிச் சொல்வது, ஊர்ப்பேர்களை எப்படி எழுதுவது, யார் யாரை 'நீ' என்பது, யார் யாரை 'நீங்கள்' என்பது, எல்லாம் முடிவு செய்தார்கள். பண்ணைக்காரி புருஷனை முதலில் 'நீங்கள்' என்பாள். பனியில் ஆடுகள் செத்துப்போகிற வருஷம் அவர்களுக்குள் பெரிய சண்டை வரும். அதற்குப் பிறகு சாகிறவரை 'நீ'தான். இங்கிலீஷில் அந்த வித்தியாசமே கிடையாதாம். ஆனால் தமிழில் வேண்டும் என்றார். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த பெருமையை நான் கவனித்தேன். புதுச் சொல் எதையும் ஒருவர் தன்னிஷ்டத்துக்குச் சேர்க்கக் கூடாது. சனிக்கிழமைவரை காத்திருக்க வேண்டும்.

மற்ற நாட்களில் மத்தியானம் தான் எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டுவார். நான் 'உம்' கொட்டுவேன். தடங்கல் இருந்தால் என் 'உம்' நிற்கும். அந்த இடத்தில் கோடு போட்டுக்கொள்வார். எனக்கு விஷயம் புரிந்து சொன்னதில்லை. காது நின்றது, அவ்வளவுதான்.

குளிர்காலம் வந்தது. மழையில் வெளியே போக முடியாமல் அவர் அதிகம் எழுதினார். என் 'உம்' நிற்பதே இல்லை. பண்ணைக்காரி எனக்கு ரொம்ப நெருக்கமாகிவிட்ட மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டில் இருக்கிறவள் மாதிரி.

மூன்று பாகமும் முடிகிற சமயம், ஒருவர் பாகத்தை இன்னொருவர் மூலத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. இவருடையது யாழ்ப்பாணத்துப் பெண்ணிடம் போனது. அவள் சனிக்கிழமைவரை காத்திருக்கவில்லை. ஒரு நாள் வேலை முடிந்து, ஆஸ்பத்திரி அட்டை கழுத்தில் தொங்க, நேரே வந்தாள். இவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

"அன்ரி, எழுப்பாதேங்கோ. உங்களோடதான் கதைக்க வந்தனான்."

என்னோடு பேச யார் வருவார்கள்? கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் தாள்களை எடுத்தாள்.

"கம்பளிக் கொட்டகை எண்டு சேர்தான் முடிவு செய்தவர். இதில ஆட்டுக் கொட்டில் எண்டு கிடக்கு. அடுத்த பக்கத்தில கிடை. இன்னோரிடத்தில ஒண்டுமில்லை, வெறும் இடைவெளி. அது பரவாயில்லை அன்ரி, மாத்தலாம். ஆனா இதைக் கேளுங்கோ."

வாசித்தாள். பண்ணைக்காரி கிழவி, கட்டிலில் கிடக்கிற புருஷனிடம் பேசுகிறாள்: "ஏங்க, சவத்த விடுங்க. போனா போகுது. ஆடு போனா என்ன, ஆளு இருக்கோம்லா. எந்திரிச்சு ஒரு வாய் கஞ்சி குடிங்க, எனக்காகவாவது."

"இது இங்கிலீஷில இல்லை அன்ரி. அவ ரெண்டு சொல்லுத்தான் சொல்லுறா. அதுவும் எங்கட முடிவுப்படி 'நீ' எண்டுதான் வர வேணும். 'சவத்த விடுங்க' எண்டா என்ன?"

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு. நான் சொல்கிறது. பால் பொங்கினால், பஸ் போய்விட்டால், மகன் பேசாமல் இருந்தால், நான் அவரிடம் சொல்வது அதுதான். கஞ்சியும் நான் சொன்னதுதான், போன மாதம் அவருக்குக் காய்ச்சல் வந்தபோது. வாசித்துக் காட்டும்போது எனக்கு ஏன் தட்டவில்லை என்றால், அது என் காதுக்குப் பழகின சத்தம்.

"நான் பேசுறதும்மா அது" என்றேன்.

அவள் தாள்களை மடித்து வைத்தாள். பிறகு, அவர் சாவி வைத்த இடம் மறக்கிறாரா, வழி தவறுகிறாரா, சொன்னதைத் திரும்பச் சொல்கிறாரா என்று மெதுவாகக் கேட்டாள். ஆஸ்பத்திரியில் தினம் தினம் கேட்டுப் பழகின கேள்விகள் அவை என்று எனக்குப் புரிந்தது. எல்லாவற்றுக்கும் 'ஆமா' என்றேன்.

டாக்டரும் அதே கேள்விகளைத்தான் கேட்டார். ஸ்கேன் எடுத்தார்கள். மூளை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குகிறதாம். நிறுத்த முடியாதாம்.

பதிப்பகத்தாருக்குக் கொடுத்த தேதி நெருங்கியது. அவர் பாகத்தை அப்படியே விட்டால் புத்தகம் கடைசியில் உடையும். யாழ்ப்பாணத்துப் பெண் என்னிடம் கேட்டாள்: "முதல் பாகங்களில சேர் திருத்தின குரலிலேயே நாங்கள் இதைத் திரும்ப எழுதலாம். பேர் அவற்ற பேர்தான் நிக்கும். நீங்கள் ஓம் எண்டாச் செய்யிறம். அவருக்குச் சொல்லத் தேவையில்லை."

எனக்கு மனசு ஒப்பவில்லை. "அவரைக் கேக்காம அவர் எழுத்துல கை வைக்காதீங்கம்மா" என்றேன். வெளி ஆளிடம் நான் அழுத்தமாகச் சொன்ன ஒரே பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன்.

சனிக்கிழமை மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். அவள் தாள்களை அவர் முன்னால் வைத்தாள். "சேர், இந்தப் பாகத்தைப் பற்றி உங்களிட்டக் கேக்க வேணும்."

அவர் கண்ணாடியைப் போட்டார். வாசித்தார். முதல் பக்கத்திலேயே பேனாவை எடுத்தார். கை நடுக்கமில்லாமல் கோடு போட்டார். கொட்டில், கிடை, எல்லாவற்றுக்கும் மேலே 'கம்பளிக் கொட்டகை' என்று எழுதினார். என் வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. டாக்டர்தான் தப்பாகச் சொல்லிவிட்டார் என்றுகூட நினைத்தேன்.

பிறகு அந்தக் கஞ்சி இடம் வந்தது. நிறுத்தினார். திரும்பவும் வாசித்தார். சிரித்தார்.

"யாரு இது, எங்க வீட்டுப் பேச்சைத் தூக்கி உள்ள போட்டது? இது இவ பேசுறதுல்லா!" என்று என்னைக் கைகாட்டினார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இவ அந்தப் பண்ணைக்காரி இல்லையே. அவ எவ்வளவு இறுகிப்போனவ. இவ மாதிரிக் கஞ்சி குடி, கஞ்சி குடின்னு கெஞ்ச மாட்டா." மலேசியாத் தம்பி பக்கம் திரும்பினார். "நீங்கதானே தம்பி?"

யாழ்ப்பாணத்துப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். தம்பி என்னைப் பார்த்தான்.

"ஆமா சார். நான்தான் லா. ஆன்ட்டி பேசுறது கேட்டுக் கேட்டு வந்திருச்சு. மன்னிச்சுக்கங்க."

"மன்னிப்பெல்லாம் எதுக்கு? வெட்டிருங்க. எல்லாத்தையும் வெட்டிருங்க. ஒரு இடத்துல விட்டாலும் ஒட்டுப்போட்டது தெரிஞ்சுரும்."

"சரி சார்."

அவர் பக்கம் பக்கமாக அடித்துக்கொண்டே போனார். நான் சொன்னவை, நான் திட்டினவை, நான் சமாதானம் சொன்னவை. அத்தனையும் அவர் காதில் இருந்திருக்கிறது என்றே எனக்கு அதுவரை தெரியாது. அடித்து முடித்ததும் பேனாவை மூடிவிட்டு, "டீ ஆறிப்போச்சு பாரு" என்றார் என்னிடம்.

வாசலில் செருப்பைப் போடும்போது யாழ்ப்பாணத்துப் பெண் என் கையைப் பிடித்தாள். "ஒரு வசனத்தை மட்டுமெண்டாலும் விடட்டோ அன்ரி? ஒருத்தருக்கும் தெரியாது." குசினியை விட்டுக்கொடுத்தவள் அவள். அவளே எனக்காகக் கேட்கிறாள். வேண்டாம் என்று தலையாட்டினேன். அவர் வெட்டச் சொன்னார்.

புத்தகம் வந்தபோது வெயில் காலம். அட்டையில் அவர் பேர் முதலில் இருந்தது. கையில் கொடுத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "கனமா இருக்கே" என்றார். யார் செய்தது என்று கேட்கவில்லை.

இப்போது அவருக்கு எழுத்துப் பிடிபடுவதில்லை. மத்தியானத்தில் நான் வாசிக்கிறேன். விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, மெதுவாக. ஒருவர் பாகம் எங்கே முடிந்து அடுத்தவருடையது எங்கே தொடங்குகிறது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் உட்கார்ந்து 'உம்' கொட்டுகிறார். நேற்று அந்தக் கட்டில் இடம் வந்தது. "நீ சாப்பிடு. இருட்டுகிறது" என்கிறாள் பண்ணைக்காரி. அவ்வளவுதான் அச்சில் இருக்கிறது. என் வாயில் அந்தக் கஞ்சிப் பேச்சு வந்து நின்றது. அவர் முகத்தைப் பார்த்தேன். காத்துக்கொண்டிருந்தார். அச்சில் இருப்பதையே வாசித்தேன்.

"உம்" என்றார். அடுத்த வரிக்குப் போனேன்.