கும்பிடும் கைகளும் ஒன்றரை மில்லிமீட்டரும்

புதுச்சேரி சாரத்தில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் கடை. இரண்டு கணினி, ஒரு பிரிண்டர், ஒரு லேமினேஷன் மெஷின். கல்யாணப் பத்திரிகையிலிருந்து கண்ணீர் அஞ்சலி வரை எது வந்தாலும் தட்டச்சு செய்து, பக்கம் கட்டிக் கொடுப்பேன். எங்கள் நகர் நலச் சங்கத்துக்கு ஒற்றைப் பக்கத்தில் ஒரு இணையதளம் உண்டு. அதையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் வேலை செய்து கற்றது. எது ஏன் நடக்கிறது என்று கேட்டால் பல விஷயங்களுக்குப் பதில் சொல்ல முடியாது. அந்தப் பதில் இல்லாமலேயே பத்து வருஷம் ஓட்டியிருந்தேன்.

சங்கத்தின் தலைவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊரில் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்பார்கள். ஆனால் இவரை நகர் முழுக்க முசியே, அதாவது பிரெஞ்சில் ஐயா, என்றே கூப்பிடும். காலையில் சட்டையைப் பேண்டுக்குள் விட்டுக்கொண்டு குப்பை வண்டி சரியான நேரத்துக்கு வருகிறதா என்று பார்ப்பார். செயலாளர் ஒரு அக்கா. அரியாங்குப்பம் பக்கம் மீன் மொத்த வியாபாரம். விடியற்காலையில் ஏலத்துக்குப் போய்விட்டு, பத்து மணிக்கு வீடு திரும்பி, குளித்த பிறகு சங்க வேலையை எடுப்பார். அக்காவுக்கு இமோஜி இல்லாமல் ஒரு வாக்கியமும் முடியாது. குழாயில் தண்ணீர் வராது என்று தகவல் அனுப்பினால்கூட, அழும் முகம் இரண்டும் கும்பிடும் கை ஒன்றும் கூடவே வரும்.

புதிய நிர்வாகிகள் பட்டியலை அந்த வருஷம் அக்கா போனிலேயே தட்டி எனக்கு அனுப்பினார். தண்ணீர்க் குழு, சுகாதாரக் குழு, பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தும் கல்விக் குழு என்று மொத்தம் பதினெட்டு வரி. சில பெயர்களுக்குப் பக்கத்தில் கும்பிடும் கை, சிலதற்கு ரோஜாப் பூ, பாதிக்கு ஒன்றுமில்லை. நான் அப்படியே நகலெடுத்து ஒட்டினேன். நான் வழக்கமாக வைக்கும் தமிழ் எழுத்துருவில், பதினாறு பாயிண்டில் வைத்து, தலைப்புக்குக் கரை கட்டி, ஒரு பிரதி எடுத்து முசியேவுக்குக் கொடுத்தனுப்பினேன்.

அரை மணி நேரத்தில் அவரே வந்துவிட்டார். கையில் தாளும் ஓர் இரும்பு ஸ்கேலும்.

"ஏம்மா, இதை யாரு அடிச்சது?"

"நான்தான் முசியே. ஏதாவது பேரு தப்பாயிடுச்சா?"

"பேரு சரி. எடம் சரியில்ல." தாளை மேசையில் விரித்து ஸ்கேலை வைத்தார். "இந்த வரிக்கும் அடுத்த வரிக்கும் எட்டு மில்லிமீட்டர். இங்க பாரு, ஒம்பதரை. இங்கயும் ஒம்பதரை. என் பேரு எங்க இருக்குது? எட்டுல. பொருளாளரு ஒம்பதரைல காத்தாட நிக்கிறாரு."

எட்டிப் பார்த்தேன். உண்மைதான். சில வரிகள் நெருக்கமாகவும் சில வரிகள் விலகியும் கிடந்தன. விலகிய பெயர்கள் தனி மரியாதையோடு நிற்பதுபோல் இருந்தன. முசியேவின் பெயர் மேலும் கீழும் நெருக்கப்பட்டு, பஸ்ஸில் நடு சீட்டில் உட்கார்ந்தவர் மாதிரி இருந்தது.

"இது செயலாளரம்மா சொல்லித்தான் செஞ்சியா?"

"ஐயோ இல்ல முசியே. தானா ஆயிருக்குது."

"தானா எதுவும் ஆகாதும்மா" என்றார்.

அவரை உட்காரவைத்துவிட்டு ஆராய ஆரம்பித்தேன். நடுவில் வெற்று வரி ஏதும் ஒளிந்திருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. பத்திக்குக் கீழே கூடுதல் இடம் விட்டிருக்கிறதா என்று பார்த்தேன். எல்லாம் பூஜ்யம். வரி இடைவெளி ஒற்றை என்றுதான் காட்டியது, பதினெட்டு வரிக்கும் ஒரே மாதிரி. முசியே ஸ்கேலால் முழங்காலைத் தட்டிக்கொண்டிருந்தார்.

கடைசியில் வேறு வழி தெரியாமல், பொருளாளர் வரியை ஒவ்வோர் எழுத்தாகப் பின்னாலிருந்து அழித்தேன். முதல் எழுத்திலேயே விடை கிடைத்தது. பெயருக்குப் பின்னால் இருந்த கும்பிடும் கை போனதும் வரி சட்டென்று சுருங்கி மேலே ஏறிக்கொண்டது. திரும்பப் போட்டேன், இறங்கியது. அழித்தேன், ஏறியது. முசியேவும் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து பார்த்தார். இருவரும் ஏழெட்டு முறை அதை ஏற்றி இறக்கினோம்.

கையைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தபோது, மேலே எழுத்துருவின் பெயர் காட்டும் கட்டத்தில் நான் வைத்த தமிழ் எழுத்துருவின் பெயர் இல்லை, வேறொன்று இருந்தது. அப்போதுதான் புரிந்தது. என் தமிழ் எழுத்துருவில் கும்பிடும் கை கிடையாது. இல்லாத எழுத்தை மென்பொருள் கணினியில் இருக்கிற வேறோர் எழுத்துருவிலிருந்து கடன் வாங்கிப் போடுகிறது. ஒவ்வோர் எழுத்துருவும், எழுத்து நிற்கும் கோட்டுக்கு மேலே இவ்வளவு இடம் வேண்டும், கீழே இவ்வளவு வேண்டும் என்று தன் அளவைத் தன்னோடு வைத்திருக்கிறது. ஒற்றை இடைவெளி என்றால் அந்த வரியில் இருப்பவற்றில் எது அதிக இடம் கேட்கிறதோ அதற்குத் தக்கபடி வரி உயரும். இமோஜி எழுத்துரு என் தமிழ் எழுத்துருவைவிட அதிகம் கேட்டது. அதனால் கை இருந்த வரி மட்டும் உயர்ந்தது.

இதை முசியேவுக்கு விளக்கிக்கொண்டிருக்கும்போதே அக்கா வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சாதாரணமாகச் சொன்னார்: "ஐஸ் பொட்டில ஒரு மீனு தலைய நீட்டிக்கினு இருந்தா மேல் பொட்டி உக்காராது இல்ல, அதுதான்."

முசியே அக்கா பக்கம் திரும்பாமலேயே, "அப்ப மீனை எடுத்துரு" என்றார்.

"எதுக்கு எடுக்கணும்? வெயிலுன்னும் பாக்காம கூட்டத்துக்கு வந்தவங்களுக்குத்தான் வெச்சேன்" என்றார் அக்கா.

இருவருக்கும் நடுவில் நான் இருந்தேன். வேறொரு தமிழ் எழுத்துருவைப் போட்டுப் பார்த்தேன். அது தானே நிறைய இடம் கேட்கிற ரகம். கை வைத்தாலும் வைக்காவிட்டாலும் வரி குதிக்கவில்லை. ஆனால் பட்டியல் இரண்டாம் பக்கத்துக்கு ஓடியது. இரண்டு பக்கம் வேண்டாம் என்பதில் மட்டும் இருவரும் ஒன்றாக இருந்தார்கள்.

பழைய எழுத்துருவுக்கே திரும்பி, வரி இடைவெளியை ஒற்றையிலிருந்து துல்லியம் என்ற அமைப்புக்கு மாற்றினேன். அப்படி வைத்தால் வரிக்குள் யார் எவ்வளவு கேட்டாலும் நாம் சொன்ன அளவுதான். எவ்வளவு என்று கேட்டது. எழுத்து பதினாறு, ஆகவே வரியும் பதினாறு என்று அடித்தேன். பதினெட்டு வரியும் கப்பென்று சம இடைவெளியில் நின்றன. அச்செடுத்தேன். முசியே ஒவ்வோர் இடைவெளியாக அளந்தார். முகம் மலர்ந்தது.

"பார்ஃபே, கச்சிதம்" என்றார். அறுபது பிரதி எடுக்கச் சொன்னார். ஒன்றைத் தன் கையாலேயே பூங்கா வாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். மற்றவை வீடு வீடாகப் போயின.

மறுநாள் காலை கல்விக் குழுவின் பொறுப்பாளர் வந்தார். தமிழாசிரியை. என் வயதுதான். சிரிப்பை அடக்குகிறாரா கோபத்தை அடக்குகிறாரா என்று தெரியவில்லை.

"நீங்க அடிச்ச நோட்டீஸ்ல என் பேருக்கு நேரா என்ன போட்டிருக்குதுன்னு கொஞ்சம் படிங்க."

படித்தேன். பதினாறு பாயிண்டு இடத்தில் பதினாறு பாயிண்டு தமிழ் அடங்காது என்பது அந்தக் கணத்தில் தெரிந்தது. நம் எழுத்தில் புள்ளி தலைக்கு மேலே தனியாக உட்கார்கிறது. வரி போதாதபோது முதலில் வெட்டுப்படுவது அதுதான். தாள் முழுக்க ஒரு புள்ளி இல்லை. தலைவர் தலைவர ஆகியிருந்தார். தண்ணீர் தணணீர ஆகியிருந்தது. அதெல்லாம்கூடப் பரவாயில்லை. கல்வி என்ற சொல்லில் ல்-க்குப் புள்ளி போனால் என்ன ஆகும் என்பதை நான் எழுதத் தேவையில்லை. அந்தக் குழுவின் பொறுப்பாளராக ஆசிரியையின் பெயர், பக்கத்தில் ரோஜாப் பூவோடு, பூங்கா வாசலில் ஒரு ராத்திரி முழுக்கத் தொங்கியிருக்கிறது.

"ஓலைச்சுவடியில புள்ளி வெக்க மாட்டாங்க. அந்தக் கணக்குல விட்டுடலாம்னு பாத்தேன்" என்றார். "ஆனா என் மாமனாரு ரெண்டு தரம் படிச்சிட்டு என்னை ஒரு மாதிரி பாக்குறாரு."

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அவர் அதற்குப் பிறகுதான் சிரித்தார். அடக்க முடியாமல் சிரித்து, தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

முசியேவுக்கு விஷயம் போனது. அவர் ஸ்கேல் இல்லாமல் வந்தார். "நான் எடத்தைத்தான் பாத்தேன். படிக்கல" என்றார். அவருக்குத் தமிழைவிடப் பிரெஞ்சு வேகமாகப் படிக்க வரும். ஆசிரியை வீட்டுக்குத் தானே போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு, பலகையில் இருந்ததை எடுத்துக்கொண்டு, மற்றவற்றை வீடு வீடாகத் திரும்ப வாங்கப் போனார். ஐம்பத்தாறுதான் வந்தது. நான்கு வீட்டில் தர மறுத்துவிட்டார்கள்.

இந்தத் தடவை துல்லியத்தை இருபத்திநான்காக வைத்தேன். புள்ளி, கொக்கி, கீழே தொங்கும் கூ, எல்லாம் முழுதாக வந்தன. கும்பிடும் கையும் தலை வெட்டுப்படாமல் உள்ளேயே அடங்கியது. வரிகள் எல்லாம் ஒரே இடைவெளி. அச்செடுத்ததும் முதலில் உரக்கப் படித்தோம், அப்புறம்தான் அளந்தோம்.

பிரச்சினை முடிந்தது என்று நினைத்தால், அதே பட்டியல் இணையப் பக்கத்தில் குதித்தது. என் கணினியில் லேசாக, முசியேவின் டேப்லெட்டில் நன்றாக, அக்காவின் போனில் குதிக்கவே இல்லை. ஒவ்வொரு கருவியிலும் இமோஜி எழுத்துரு வேறு. நான் பக்கத்தில் வரி உயரம் என்று எதுவும் சொல்லியிருக்கவில்லை. சொல்லாதபோது உலாவி, வரியில் வந்த எல்லா எழுத்துருவின் அளவையும் கேட்டுக்கொண்டு முடிவு செய்கிறது. எழுத்தின் அளவைப்போல் 1.7 மடங்கு என்று ஒரே ஓர் எண்ணை வைத்தேன். அதன் பிறகு நான் குறித்த தமிழ் எழுத்துருவை மட்டும் வைத்தே வரியின் உயரம் முடிவானது. மூன்று கருவியையும் மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தோம். குதிக்கவில்லை.

எல்லாம் சரியான பிறகும் முசியே எழுந்து போகவில்லை.

"எல்லாருக்கும் ஒரே எடம்தான் இப்போ?"

"ஆமா முசியே."

"அப்ப என் பேருக்கு ஏன் ஒண்ணும் வெக்கல?"

அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீங்க பெரியவரு. தலைவரு. உங்க பேரு பக்கத்துல போயி பொம்மை வெச்சா மரியாதையா இருக்குமா? அதனாலதான் வெக்கல."

முசியே தொண்டையைச் செருமிக்கொண்டு, "வெச்சா ஒண்ணும் ஆயிடாது" என்றார்.

அக்கா தன் போனை நீட்டினார். முசியே கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு தேட ஆரம்பித்தார். கும்பிடும் கை வேண்டாம், நிறைய பேரிடம் இருக்கிறது. ரோஜா வேண்டாம். கொடி வைக்கலாம் என்றால் எந்தக் கொடி என்று கேள்வி வரும். நான் காபி போட்டுக் கொண்டுவந்து, அவர்கள் குடித்து முடித்து, டம்ளரைக் கழுவி வைக்கும் வரை தேடினார். கடைசியில் விரலை ஓரிடத்தில் வைத்தார். சேவல்.

"இது பிரான்ஸோட சின்னம்" என்றார் நிமிர்ந்து.

வைத்தேன். வரி அசையவில்லை. அவருக்குப் பரம திருப்தி.

அடுத்த வாரம் அவர் வீட்டுக்குப் போன் மேல் போன். இணையப் பக்கத்தில் சேவலுக்குப் பக்கத்திலேயே அவர் எண்ணும் இருந்தது. நாட்டுக்கோழி கிடைக்குமா என்று கேட்டவர்களுக்கு முசியே பொறுமையாகப் பிரெஞ்சுக் குடியரசைப் பற்றிப் பத்து நிமிஷம் விளக்கியிருக்கிறார். முழுக்கக் கேட்டுவிட்டு ஒருவர், "சரிங்க, முட்டையாவது இருக்குமா?" என்றாராம்.

சேவலை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.