இடப்பக்கம் போன மந்திரி

பத்திரிகைக்குச் சதுரங்கப் புதிர் எழுதுகிறவர் வீட்டில் மனைவிக்கு ஒரே பெயர்: எதிராளி. அவள் கை படாமல் ஒரு புதிரும் வாசல் தாண்டியதில்லை. அவர் வெள்ளையின் முதல் நகர்த்தலை வைப்பார். கருப்புக்குத் தப்ப எத்தனை வழி உண்டோ அத்தனையும் அவள் ஆடிப் பார்ப்பாள். எந்த வழியில் போனாலும் வெள்ளையின் அடுத்த அடியில் ராஜா மாட்ட வேண்டும். ஒரு வழி தப்பினாலும் புதிர் குப்பைக்குத்தான்.

பக்கவாதம் வந்து தேறியபின் அவர் கட்டிய முதல் புதிர் இது. பத்திரிகை ஆசிரியர் போனில் சொல்லிவிட்டார்: "இது சரியா இருந்தா புதிர்ப் பகுதி உங்களோடதுதான் சார். இல்லன்னா வேற ஆளைத்தான் பாக்கணும்."

காய்கள் எல்லாம் பலகையின் வலது பாதியில். கருப்பு ராஜா மேல் மூலையில், வெள்ளை ராஜாவின் காவலில், ஓர வரிசையை விட்டு அசைய முடியாமல் நின்றது. அவர் யானையை மேலே ஏற்றினார். அடுத்து அதை ஓரத்துக்குத் தள்ளினால் கதை முடிந்தது.

அவள் ராஜாவை ஒரு கட்டம் இறக்கினாள். மாட்டிக்கொண்டது. கீழ் வரிசையில் நின்ற கருப்பு மந்திரியை வலப்பக்கச் சாய்வில் கட்டம் கட்டமாக வைத்துப் பார்த்தாள். எதுவும் உதவவில்லை.

"பாத்தியா? ஈ, எறும்புகூடத் தப்பாது."

அவள் மந்திரியை இடப்பக்கச் சாய்வில் ஒரு கட்டம் நகர்த்தினாள்.

"என்ன, தூங்கிட்டியா? ஆடு."

"ஆடிட்டேங்க."

"மந்திரி எங்க? கையில ஒளிச்சு வச்சிருக்கியா?"

மந்திரி பலகையில்தான் நின்றது; அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தினமும் அவர் தட்டின் இடது பாதி தொடாமல் கிடந்ததை, பசியில்லை போலும் என்று விட்டிருந்தாள். கண்ணில் குறையில்லை. இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை மறந்துவிட்டது.

"நீங்க ஆடுங்க."

யானையை ஓரத்துக்குத் தள்ளினார். "மேட்!"

அவள் மந்திரியைச் சாய்வாக இழுத்து, யானைக்கும் ராஜாவுக்கும் நடுவில் நிறுத்தினாள்.

"அடி களவாணி! எங்கேருந்துடி எடுத்தே?"

அவள் இரண்டு காயையும் திரும்ப வைத்து, அவர் விரலைப் பிடித்து மந்திரியின் தலையில் வைத்தாள். அவர் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"இங்கயா இருந்துது?"

"அது போற வழியில ஒரு வெள்ளைச் சிப்பாய் வச்சா அடைபட்டுடுங்க. புதிர் நிக்கும்."

"இதுக்கு நீ வைப்பே, அடுத்த புதிருக்கு? பலகையைத் திருப்பு. உன் பக்கத்துலேருந்து பாக்கறேன்."

திருப்பினாள்.

"ஆங், மந்திரி தெரியுது!" குழந்தை மாதிரி நிமிர்ந்தார். பிறகு பலகையைத் துழாவினார். "ராஜா ரெண்டையும் ஏன் எடுத்தே?"

அவள் எடுக்கவில்லை. இரண்டும் இப்போது அவருக்கு இடப்பக்கம் நின்றன. அவள் முகத்தைப் பார்த்தே அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஆசிரியருக்கு நீயே சொல்லிடு" என்றார்.

அவள் எழுந்து உள்ளே போய்ப் போனை எடுத்தாள். "வேற ஆளைப் பாருங்க சார்" என்றாள்.