ஏழில் நான்கு எழுத்து

பென்சில் முனை தாளில் ஓடியது. இடது கை விரல் மேசைத் தொலைபேசியில் ஆங்கில எழுத்துகள் பொறித்த எண் பொத்தான்களைத் தடவியது. ஏழு, எட்டு, நான்கு, எட்டு. எழுத்துக்கு ஓர் அழுத்தம்தான். எஸ், யூ, ஐ, டி: உடுத்தும் சூட். அந்த எண்ணில் வேறு சொல் விழக்கூடாது. 'ஓர் எண்ணுக்கு ஒரே சொல்' என்பதே வார இதழில் அவள் நடத்தும் புதிர்ப் பக்கத்தின் சட்டம்.

முன்பு ஒரு விடுதியில் தொலைபேசி அழைப்புகளை இணைத்துக் கொடுக்கும் வேலை பார்த்தவள். வேலை போனபோது அந்தக் கருவியும் கூடவே வந்தது. ஆளில்லாத நேரத்தில் எண்ணைச் சொல்லாக்கிப் பார்த்துத் தானாகக் கற்ற வித்தை இது. இதழ் அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் புதிரக்கா.

போன வாரம் ஆசிரியர் முகத்தைச் சுளித்திருந்தார். "இன்னொரு புகார் வந்தா பக்கத்தை விளம்பரத்துக்குக் கொடுத்துடுவேன்மா."

முந்தைய புதிர் ஒன்றுக்கு ஒரு வாசகர் இசட் எழுத்தோடு இன்னொரு விடை அனுப்பியிருந்தார். 'ஒன்பதில் இசட் எங்கே இருக்கிறது? கண்ணைத் திறந்து பாருங்கள்' என்று இவளே பதில் அச்சிட்டிருந்தாள்.

அச்சுக்குப் போகும் நாள். இதழின் பக்கங்களை வடிவமைக்கும் தம்பி தன் கைபேசியைத் தட்டினான்.

"அக்கா, க்யூ, யூ, ஐ, டி. குவிட்டும் வருதே! வேலையை விடச் சொல்றீங்களா?"

"வாயை மூடுடா. ஏழில் க்யூ ஏது?"

கைபேசியை அவள் மூக்கருகே நீட்டினான். ஏழில் பி, க்யூ, ஆர், எஸ். ஒன்பதில் டபிள்யூ, எக்ஸ், ஒய், இசட்.

அவளுடைய பழைய கருவியில் இரண்டிலும் மூன்று மூன்று எழுத்துதான். க்யூவும் இசட்டும் எந்தப் பொத்தானிலும் இல்லை. இத்தனை ஆண்டும் இரண்டு எழுத்து இல்லாத உலகத்தில் உட்கார்ந்து ஊருக்குச் சட்டம் சொல்லியிருக்கிறாள். அந்த வாசகர் சொன்னது சரி. கண்ணைத் திறக்காதவள் இவள்.

"அக்கா, தண்ணி வேணுமா?"

"அந்தக் கைபேசியைக் கொடு. வேற சொல் வைக்கணும்."

தண்ணீர் என்றதும் ஆங்கிலத்தில் 'வாட்டர்' தோன்றியது. டி இருக்கும் எட்டிலேயே வி. தடுமாறுவதைச் சொல்லும் 'வேவர்' வந்து நின்றது. அதை வெட்டினாள். பிறகு டபிள்யூவில் தொடங்கி டபிள்யூவில் முடியும் 'விண்டோ': ஒன்பது, நான்கு, ஆறு, மூன்று, ஆறு, ஒன்பது. வேண்டுமென்றே ஒன்பதை இரு முனையிலும் வைத்தாள். இசட்டில் தொடங்கினாள், இசட்டில் முடித்தாள், ஒய்யில் முடித்தாள். நான்கில் உயிரெழுத்து ஐ மட்டும். அதை விட்டு எச் போட்டும் பார்த்தாள். வேறு சொல் எதுவும் விழவில்லை. மறுபடி முதலிலிருந்து பார்த்தாள்.

"அச்சகத்துக்காரர் கத்துறாருக்கா!"

"கத்தட்டும்."

புதிருக்குக் கீழே எழுதினாள்: 'ஒன்பதில் இசட் உண்டு. வாசகர் சொன்னது சரி. தவறு என்னுடையது.'

தம்பி எட்டிப் பார்த்தான். "ஆசிரியர் பார்த்தா பக்கம் போயிடும்க்கா."

"போனா போகட்டும். தப்பா நிக்கறதைவிட மேல்," என்று தாளை அவன் கையில் கொடுத்தாள்.