மேல்மாடிகளில் யார் இருப்பார்கள்

கணவன் முனீஸின் காரியம் முடிந்த கையோடு வேல்விழி வேலைக்குத் திரும்பிவிட்டாள். உசிலம்பட்டியிலிருந்து வந்திருந்த உறவுக்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை. அம்மா ஒச்சம்மாள் மட்டும், பனியன் கம்பெனியில் துணியில் பழுது பார்க்கும் செக்கிங் வேலைக்குத் தான் போகும் வழியில் மகளை பஸ் ஏற்றிவிட்டாள். அவிநாசிபாளையம் அருகே லாரி மோதி இறந்தவனுக்காக வேல்விழி இன்னும் அழவில்லை. அழுகை வரவில்லை. பசியும் வரவில்லை. யாராவது பேசினால், சுவருக்கு அந்தப்பக்கம் பேசுவதுபோல் கேட்டது.

அவள் இன்ஜினீயர். அருள்செல்வன் நடத்தும் சிறிய அலுவலகத்தில் கட்டடங்களுக்கு ஏசி, மின்சாரம், தண்ணீர், தீயணைப்பு வசதிகளை வடிவமைப்பது அவள் வேலை. நெருப்பெரிச்சல் என்ற ஊரில் வரப்போகும் ஒரு கட்டடத்துக்கு ‘பேசிஸ் ஆஃப் டிசைன்’ எழுதச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு குழாயோ வயரோ வரைவதற்கு முன்னால், எதை நம்பி வரையப்போகிறோம் என்பதைச் சொல்லும் ஆவணம் அது. வெளியே எவ்வளவு வெயில், உள்ளே எவ்வளவு குளிர்ச்சி, எத்தனை பேர், ஆளுக்கு எவ்வளவு தண்ணீர், கரண்ட் போனால் எது ஜெனரேட்டரில் ஓடவேண்டும், எந்த விதிமுறை. கட்டட உரிமையாளர் அதை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்ட பிறகுதான் மற்ற வரைபடங்கள்.

கீழே கடைகள், நடுவில் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குத் துணி வாங்கித்தரும் பையிங் ஆபீஸ்கள், அதற்கு மேல் மூன்று தளங்கள் குடியிருப்பு. பழைய ஆவணம் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு இயந்திரம்போல் எழுதிக்கொண்டு போனாள். கடைகளின் விளக்குகளுக்கு எவ்வளவு மின்சாரம் என்று எழுதினாள். ஆபீஸ்களுக்கு வெளிக்காற்றின் அளவை எழுதினாள். குடியிருப்புக்கு வந்தபோது ஆர்க்கிடெக்ட் அனுப்பிய வரைபடத்தைப் பார்த்தாள். பிளாட் என்று போட்டிருந்தது. வீட்டுக்கு ஐந்து பேர் கணக்கு. ஆனால் தளத்துக்கு ஒரே சமையலறை. ஒரு மூலையில் வரிசையாகக் கழிப்பறைகள்.

அடுத்த கூட்டத்துக்கு உரிமையாளர் நாச்சிமுத்துவே வந்திருந்தார். நெசவுக் குடும்பத்தில் பிறந்து பனியன் ஏற்றுமதிக்கு வந்தவர். மேல்தளங்களில் யார் இருப்பார்கள் என்று வேல்விழி கேட்டாள்.

“நம்ம கம்பெனிப் பசங்கதானுங்க. ஒடிசாப் பக்கம் இருந்து வர்றவங்க.”

“ரூமுக்கு எத்தன பேரு சார்?”

“வர்றதப் பொறுத்துங்க. பத்து, பன்னெண்டு ஆகும். நீங்க பிளாட்டுன்னே போட்டுருங்க.”

அவர் போன பிறகு அருள்செல்வனும் அதையே சொன்னார். ஆவணத்தில் பிளாட் என்று இருந்தால் போதும், பிறகு அவர் என்ன செய்தாலும் நமக்குப் பொறுப்பில்லை என்றார். கோபம் வரவேண்டிய இடம் அது. வேல்விழிக்கு வரவில்லை. திரையைப் பார்த்தபடி, “வேற ஆள வச்சு எழுதிக்கோங்க சார். இத நான் எழுத மாட்டேன்” என்றாள். அவள் குரல் உயரவே இல்லை.

அருள்செல்வன் வேறு ஆள் வைக்கவில்லை. அவள் குடியிருப்புப் பகுதியை ஹாஸ்டல் என்று மாற்றி, ரூமுக்குப் பன்னிரண்டு பேர் என்று வைத்து எழுதினாள். தலை எண்ணிக்கை மாறியதும் எல்லாம் மாறிற்று. தண்ணீர்த் தொட்டியும் கழிவுநீர் சுத்திகரிப்பும் பெருத்தன. பொதுச் சமையலறைப் புகைக்கு மொட்டைமாடிவரை தனிக்குழாய் வந்தது. தீயணைப்பு விதிகளில் ஹாஸ்டல் வேறு வகை. அத்தனை பேர் இறங்க, வரைந்திருந்த படிக்கட்டின் அகலம் போதாது.

நாச்சிமுத்து மறுபடி வந்தார். பழைய கணக்கையும் புதுக் கணக்கையும் அருகருகே வைத்துக் காட்டினாள். படிக்கட்டின் அளவு போட்டிருந்த தாளை அவர் தாண்டவில்லை.

“இத இவ்வளவு அகலம் பண்ணுனா கீழ ஒரு கடை போயிருமேங்க.”

“போகும் சார்.”

“பிளாட்டுன்னா போகாதுங்கல்ல?”

“போகாது. ஆனா தீப்பிடிச்சா அம்புட்டுப் பேரும் அந்தப் படியிலதான் இறங்கணும்.”

அவர் இரண்டு கணக்கையும் எடுத்துக்கொண்டு எழுந்தார். கிளம்பும்போது யோசித்துச் சொல்வதாக அருள்செல்வனிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கட்டட வேலை கையைவிட்டுப் போய்விட்டது என்றே அலுவலகத்தில் எல்லோரும் நினைத்தார்கள். வேல்விழி அடுத்த கட்டடத்தின் ஃபைலை எடுத்துக்கொண்டாள்.

சில வாரம் கழித்து ஆர்க்கிடெக்டிடமிருந்து புது வரைபடம் வந்தது. ஒரு கடை இல்லை. படிக்கட்டு அகன்றிருந்தது. ரூமுக்கு ஆறு கட்டில். ஆறு பேருக்கு மேல் தங்கக்கூடாது என்பதை உரிமையாளரின் ஒப்புதலாகவே ஆவணத்தில் சேர்த்து, எல்லா அளவையும் மறுபடி போட்டாள். நாச்சிமுத்து வந்து பக்கம் பக்கமாகப் படித்துக் கையெழுத்திட்டார்.

“ஏனுங்க, அன்னிக்கு நான் கோவிச்சுட்டுப் போயிருந்தா உங்க வேலைக்கே ஆபத்துங்கல்ல. பயமா இல்லீங்களா?”

வேல்விழி யோசித்துப் பார்த்தாள். “இல்ல சார்” என்றாள். அது உண்மைதான். அவருக்கு அது தைரியமாகத் தெரிந்திருக்கும். அருள்செல்வனும் பிறகு எல்லோரிடமும் அப்படித்தான் சொன்னார். பயப்படுவதற்கு உள்ளே எதுவும் மிச்சமில்லை என்பதை அவர்களிடம் எப்படிச் சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

அன்று வீட்டில் அம்மா தோசை வார்த்துப் போட்டாள். கையெழுத்து ஆகிவிட்டது என்று வேல்விழி சொன்னாள்.

“நல்லதுத்தா. இன்னொண்ணு வைக்கவா?”

தட்டைப் பார்த்தாள். காலியாக இருந்தது. எப்போது சாப்பிட்டோம் என்று தெரியவில்லை.

“வைம்மா” என்றாள்.