இருபத்தேழாம் பக்கம்

2025 அக்டோபர் 14, செவ்வாய். காலை 4.50க்கு எழுந்தேன். 5.30க்குப் பால் வந்தது. செம்பாக்கம் ஏரிக்கரையில் நாற்பது நிமிடம் நடந்தேன். 7.40க்குப் பள்ளியில் கையெழுத்திட்டேன். எல்லாம் வழக்கம்போல.

காலாண்டுத் தேர்வுக்குப் பிறகு என் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் அன்று சேர்ந்தாள். அப்பாவுக்கு இடமாற்றம்; தூத்துக்குடியிலிருந்து முடிச்சூருக்கு வந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. காலையில் அம்மா ஆட்டோவில் கொண்டுவந்து விட்டார். மாலையில் அவள் பள்ளிப் பேருந்தில் போக வேண்டும். முடிச்சூர் நிறுத்தத்தில் அம்மா காத்திருப்பார்.

இப்படி நடுவில் சேருகிறவர்களுக்காகவே எங்கள் பள்ளியில் ஒரு கையேடு உண்டு. முதலில் எழுதியது நான்தான். எந்த வாசல், யாரிடம் மாற்றுச் சான்றிதழ் கொடுப்பது, விட்டுப்போன பாடத்துக்கு யாருடைய நோட்டை வாங்குவது, எந்தப் பேருந்து என்று பன்னிரண்டு பக்கம். அது வழவழப்பான தாளில் நாற்பது பக்கமாகத் திரும்பி வந்தது. தாளாளர் வாழ்த்துரை நான்கு பக்கம். தாளாளர் மரம் நடும் படங்கள் ஆறு. நான் எழுதிய 'முதல் நாள்' பகுதி இடமில்லாமல் போய்விட்டது. பேருந்து அட்டவணை மட்டும் இருபத்தேழாம் பக்கத்தில் தப்பிப் பிழைத்தது.

ஆகஸ்டில் தடங்களை மாற்றினார்கள். முடிச்சூர் போய்க்கொண்டிருந்த நான்காம் எண் வண்டி நாவலூருக்குப் போனது, முடிச்சூருக்குப் பதினொன்று. அன்றே திருத்தம் எழுதித் துணை முதல்வரிடம் கொடுத்தேன்.

"அடுத்த பிரிண்ட்ல பாத்துக்கலாம் மிஸ். இப்ப கை வச்சா புக்கு அசிங்கமா இருக்கும்."

அடுத்த பிரிண்ட் என்று ஒன்று கிடையாது. அச்சடித்ததே ஒரே பிரதிதான். ஆய்வுக்கு வருகிறவர்கள் பார்க்க அது கண்ணாடி பீரோவில் இருக்கும். புதிதாக யாராவது சேர்ந்தால் காலை வழிபாட்டில் மேடையேற்றி, கையேட்டைக் கையில் கொடுத்துப் படம் எடுப்பார்கள். படம் பெற்றோர் வாட்ஸாப் குழுவுக்குப் போகும். கையேடு பீரோவுக்குப் போகும்.

அன்றும் அதுதான் நடந்தது. தாளாளர் வரத் தாமதமானதால் அந்தப் பெண் மேடையோரம் பத்து நிமிடம் கையேட்டோடு நின்றாள். வாழ்த்துரையைத் தள்ளிவிட்டுப் பின்பக்கங்களைப் படித்ததைப் பார்த்தேன். இங்கே அதைப் படித்த முதல் ஆள் அவள்தான். படம் எடுத்ததும் அலுவலக அக்கா கை நீட்டினார்.

"குடும்மா."

"இது எனக்கில்லையாக்கா?"

"உனக்குத்தான். ஆனா இங்கதான் இருக்கும்."

மாலை மூன்றே முக்காலுக்கு மணி அடித்தது. எனக்குத் திருத்த விடைத்தாள் கட்டு இருந்தது. பேருந்து வரை நான் போகவில்லை; எண் மாறியதை அவளிடம் சொல்லவும் இல்லை. 4.35க்குப் பேருந்து ஆயா போன் செய்தார்.

"மிஸ், நாலாம் நம்பர் வண்டில புதுப் பொண்ணு ஒண்ணு குந்திக்கினு கீது. மேடவாக்கம் தாண்டிட்டோம். முடிச்சூர் எப்ப வரும்னு கேக்குது. இன்னா பண்றது?"

வண்டி நிறையப் பிள்ளைகள். நடுவில் திருப்ப முடியாது. நாவலூர் வரை போய்த்தான் திரும்ப வேண்டும். அம்மாவுக்கு நான்தான் சொன்னேன். பதினொன்றாம் எண் வண்டி வந்து, கதவு திறந்து, மகள் இறங்காமல் மூடிக்கொண்டு போனதை அவர் பார்த்து அப்போது பத்து நிமிடம் ஆகியிருந்தது. அந்தக் குரலை இங்கே எழுதமாட்டேன்.

6.20க்கு வண்டி பள்ளிக்குத் திரும்பியது. அம்மா ஆட்டோ பிடித்து வந்து வாசலிலேயே நின்றிருந்தார். துணை முதல்வரும் வந்தார், கையில் காபியோடு.

"என்னம்மா, கையேட்டப் பாக்கலையா? அதுக்குத்தானே மேடையில கூப்பிட்டுக் குடுக்கறோம்?"

"பாத்தேன் மிஸ். இருபத்தேழாம் பக்கம். முடிச்சூர், நாலுன்னுதான் போட்டிருக்கு. மறந்துரக் கூடாதுன்னு கையில எழுதி வச்சேன்."

உள்ளங்கையை நீட்டினாள். நீல மையில் நான்கு. வியர்வையில் கலங்கியிருந்தாலும் தெளிவாகவே தெரிந்தது.

துணை முதல்வர் அதைப் பார்த்தார். அம்மாவிடம் திரும்பினார். "புதுப் பசங்களுக்கு மொதல்ல கொஞ்சம் கன்ஃப்யூஷன் இருக்கும்மா. ரெண்டு நாள்ல பழகிடும்."

"அவ கன்ஃப்யூஸ் ஆகல மேடம்," என்றேன். "நம்ம புக்குல இருக்கறத நம்பிட்டா. இனிமே நம்ப மாட்டா."

அவர் ஆறிப்போன காபியை ஊதினார்.

"நாளைக்கும் நானே கூட்டிட்டு வந்து, நானே கூட்டிட்டுப் போறேன்," என்றார் அம்மா. மகளின் கையை விடவேயில்லை.

மறுநாள் 7.20க்கே போனேன். கையெழுத்திடும் முன் கண்ணாடி பீரோவைத் திறந்தேன். இருபத்தேழாம் பக்கத்தில் நான்கைச் சிவப்பு மையில் அடித்து, பதினொன்று என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். பிறகு கையேட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், ஆட்டோவிலிருந்து இறங்கிய அந்தப் பெண்ணின் பையில் நானே வைத்தேன்.